முதுகு கால் அங்குலம்

முத்தலிபுக்குக் கோபம் வந்தால் பென்சில் சீவுவார். வாயைத் திறந்தால் வந்த எழுத்தாளர் எழும்பிப் போய்விடுவார், திறக்காவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் அவருக்கு அகப்பட்ட வழி அதுதான். வேலை மேசைக்குக் கீழே கூட்டும்போது கிடக்கும் சீவலைப் பார்த்தே, அன்றைக்கு வந்து போனவர் எப்படிப்பட்டவர் என்று அவருடைய மனைவி றம்லா சொல்லிவிடுவாள்.

வெள்ளைக்காரன் திருகோணமலையில் இருந்த காலத்தில் முத்தலிப் கப்பல் திருத்தும் டொக்யாட்டின் வரைபட அறையில் வேலை செய்தவர். கப்பல் உறுப்புகளின் படங்களை மெல்லிய தாளில் பிரதி எடுப்பது அவருடைய வேலை. ஒரு கோடு மயிரிழை தப்பினாலும் துரை தாளைக் கிழித்துக் கையில் தருவான். ஐம்பத்தேழில் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டு அவர்கள் போனபோது முத்தலிபின் வேலையும் கப்பலேறிப் போயிற்று. போகும்போது கழித்த சாமான்களை ஏலம் போட்டார்கள். மற்றவர்கள் கட்டிலும் அலுமாரியும் எடுக்க, இவர் தரைக்கு விரிக்கும் மண்ணிற லினோலியம் ஒரு சுருள் எடுத்தார். விசர் பிடித்துவிட்டது என்று ஊர் சொன்னது. பதினேழு வருடமாக அந்தச் சுருளில் துண்டு துண்டாக வெட்டி, அதில் படம் செதுக்கி அச்சாக்கித்தான் புத்தகங்களுக்கு அட்டை செய்துகொண்டிருக்கிறார். வள்ளங்களுக்குப் பெயர் எழுதுவதும் கடைப் பலகை எழுதுவதும் சோற்றுக்கு. அட்டை வேலை, செத்தாலும் விடமாட்டேன் என்று அவர் பிடித்துக்கொண்ட வேலை.

இந்தப் பக்கத்தில் புத்தகம் எழுதுகிறவர் தானே அச்சடித்து, தானே சுமந்து, தானே விற்கவேண்டும். கொழும்புக்குப் போய் அட்டைப் படத்துக்குப் புளொக் என்கிற உலோக அச்சு செய்விக்க எல்லோருக்கும் கட்டுப்படியாகுமா? அப்படிப்பட்டவர்கள்தான் முத்தலிபைத் தேடி வருவார்கள். வருகிறவர் ஒரு துண்டுத் தாளில் கையொப்பம் வைக்கவேண்டும். மாதிரி மூன்று. அதில் ஒன்றைத் தெரிவுசெய்தபின் திருத்தம் இரண்டு. லினோ வெட்டியபின் திருத்தம் இல்லை. தோப்பூரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தன்னுடைய கவிதைப் புத்தகத்துக்குப் பதினேழு முறை திருத்தம் சொல்லி, பதினெட்டாம் முறை, "நீங்க முதல் கீறின படமே நல்லாயிருந்தது" என்றார். அன்றைக்கு முத்தலிப் மூன்று பென்சிலை முழுதாகச் சீவி முடித்தார். அடுத்த நாள் பிறந்ததுதான் அந்தத் துண்டுத் தாள்.

எழுபத்துநான்காம் ஆண்டு மாசி மாதம் கமலாதேவி வந்தாள். கடலோரக் கிராமமான சல்லியில் தபால் கந்தோரில் வேலை. முப்பது வயது இருக்கும், அமைதியான பெண், குடையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தாள். சல்லிக் கரையில் கருவாடு காயப்போடுகிற பெண்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துக் கொடுத்து, அவர்களுடைய கதையை ஒரு நாவலாக எழுதியிருந்தாள். பெயர் 'வெயில் கூலி'.

"முதல் புத்தகம், நானா. பெரிய எழுத்தாளர் எண்டு நினைக்காதேங்கோ." முஸ்லிம் அண்ணன்மாரை ஊரில் கூப்பிடுகிறமாதிரியே அவளும் அவரை 'நானா' என்றாள்.

"வாசிச்சிட்டுச் சொல்றன், தங்கச்சி. வாசிக்காம நான் கோடு கீறுறதில்ல."

இரண்டு நாளில் வாசித்து முடித்தார். முடித்த அன்று பின்னேரம் றம்லா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தது ஆறிப் பாலாடை கட்டிக் கிடந்தது. மழை வந்த ஒரு மத்தியானம், மீனை அள்ளுவதா தொட்டிலில் கிடக்கிற பிள்ளையை அள்ளுவதா என்று கதையில் வரும் பெண் ஒரு கணம் நிற்கிற இடத்தில் அவர் கையெழுத்துக் கொப்பியை மூடிவைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றார். இப்படி ஒரு புத்தகம் இந்த ஊரில் இருந்து வருகிறதே என்று அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

மறுநாள் அளவெடுக்கும் அடிமட்டத்தைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பஸ் நிலையத்தடியில் இருந்த அலியாரின் புத்தகக் கடைக்குப் போனார். எந்த அட்டைக்கும் முன்னால் அவர் செய்கிற வேலை இது. கடையின் ஓரமாக ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு இருந்து, எந்த ஆள் எந்தப் புத்தகத்தை நோக்கிக் கையை நீட்டுகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பார். துப்பறியும் கதை என்றால் கறுப்பும் சிவப்பும், ஒரு கத்தி, ஒரு கை. சரித்திரக் கதைக்குக் குதிரை இல்லாமல் தீராது. குடும்ப நாவலுக்குக் கண்ணீர் வடிக்கிற ஒரு பெண் முகம், பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு. துறைமுகத்துத் தொழிலாளர் வந்தால் கறுப்புச் சிவப்புக்குப் போகும் கை, ஆசிரியைமார் வந்தால் குத்துவிளக்குக்குப் போகும்.

"பொம்புளைட கதையெண்டா முகம் போடுங்க நானா, முகம்தான் விக்கும்," என்றார் அலியார்.

"அழுற முகம் இதுல எத்தின இரிக்கி?"

அலியார் எண்ணிப் பார்த்தார். "பதினொண்டு."

"பன்னெண்டாவதை ஆர் திரும்பிப் பார்ப்பான்?"

அந்தப் பதினொன்றையும் முத்தலிப் மேசையில் தூரத்தே நிறுத்திவைத்துப் பார்த்தார். எல்லாம் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்போல இருந்தன. பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு சல்லிக்குப் போனார். கரையில் கனகம்மா என்ற பெண் குனிந்து பாயில் கிடந்த மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பாய் முடிய அடுத்த பாய், நிமிராமல் புரட்டிக்கொண்டே போனாள். ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தும் அவளுடைய முகத்தை அவர் காணவில்லை. அதுதான் அட்டை என்று முத்தலிபுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மூன்று மாதிரி கீறினார். மூன்றாவதில் உயிர் இருந்தது. பின் அட்டையின் ஓரத்தில் தொடங்குகிற மீன் வரிசை, புத்தகத்தின் முதுகைத் தாண்டி, முன் அட்டைக்கு வந்து, குனிந்திருக்கும் ஒரு பெண்ணின் கையில் முடிந்தது. மேலே மூன்று காகங்கள். கறுப்பும் மஞ்சளும் மட்டும். முதுகில் மீன்களுக்கு நடுவே புத்தகத்தின் பெயர்.

இப்படி மூன்று பக்கமும் ஒரே படமாக ஓடினால் அளவில் பிசகக்கூடாது. புத்தகத்தின் அளவு கிரவுண் எட்டிலொன்று, வெட்டியபின் அகலம் நாலே முக்காலும் அரைக்காலும், உயரம் ஏழே கால் அங்குலம். அச்சகத்தில் இருந்து, புத்தகத்துக்குப் போடப்போகும் தாளில் நூற்றிருபத்தெட்டுப் பக்கத்துக்கு வெற்றுத் தாள் எடுத்து, மடித்து, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து நெருக்கி அளந்தார். சரியாகக் கால் அங்குலம். முன் அட்டை, முதுகு, பின் அட்டை மூன்றையும் கூட்டினால் பத்து அங்குலம். மயிரிழை கூடவுமில்லை, குறையவுமில்லை. துண்டுத் தாளில் எல்லாவற்றையும் எழுதினார்: பக்கம் 128, முதுகு கால் அங்குலம், நிறம் இரண்டு, திருத்தம் இரண்டு.

ஒப்பம் வைக்கிற அன்று கமலாதேவி தனியே வரவில்லை. வெள்ளை வேட்டியும் தங்கப் பட்டி மணிக்கூடுமாக ஒருவர் கூட வந்தார். துறைமுக வேலைகளைக் கொந்தராத்து எடுக்கும் முதலாளி இரத்தினசிங்கம். அந்த நாளில் தாளுக்குப் பெரும் தட்டுப்பாடு. எழுத்தாளர்கள் கொப்பித் தாளுக்கே அலைந்தார்கள். இரத்தினசிங்கத்தின் களஞ்சியத்தில் தாள் இருந்தது. புத்தகத்துக்கு வேண்டிய தாள் முழுவதையும் தருவதாக அவர் ஒத்துக்கொண்டிருந்தார்.

"இலக்கியத்துக்கு நான் செய்யிற தொண்டு," என்று சொல்லிக்கொண்டு, கேட்காமலே துண்டுத் தாளை இழுத்து, கமலாதேவியின் ஒப்பத்துக்கு மேலே, அவளுடையதைப்போல இரண்டு மடங்கு பெரிதாகத் தன்னுடைய ஒப்பத்தையும் வைத்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கவில்லை.

பிறகு படத்தைப் பார்த்தார். பார்த்தவருடைய மூக்கு சுருங்கிற்று.

"என்ன இது, பொம்பிளைக்கு முகமில்லை?"

"அந்தப் பொம்புளை நிமிர்றதில்ல முதலாளி. கதை அதுதான்," என்றார் முத்தலிப்.

"கதை கிடக்கட்டும். முகமில்லாமல் ஆர் வாங்கிறது? முகம் போடுங்கோ."

முத்தலிப் கமலாதேவியைப் பார்த்தார். அவள் குடையின் பிடியைப் பார்த்தாள். தாள் அவர் கையில் இருக்கிறது, அவள் என்ன செய்வாள்? முத்தலிப் தலையைச் சற்றுத் திருப்பி, ஒரு காதும் கன்னத்தின் ஓரமும் தெரிகிறமாதிரிக் கீறிக் கொடுத்தார். முதலாவது திருத்தம் என்று துண்டில் எழுதினார்.

நாலு நாள் கழித்து இரத்தினசிங்கத்தின் கார் திரும்பவும் வாசலில் நின்றது. இந்த முறை தனியே வந்தார்.

"காகம் சனியன்ர வாகனம். என்ர பேர் சம்பந்தப்பட்ட புத்தகத்தில காகம் கூடாது."

கருவாடு காயிற இடத்தில் காகம் இல்லாமல் கிளியா வரும்? முத்தலிப் வாய்க்குள்ளே கேட்டுக்கொண்டு பென்சில் சீவினார். கமலாதேவிக்கு ஆள் அனுப்பிக் கேட்டார். "பரவாயில்லை நானா, எடுத்துவிடுங்கோ" என்று அவள் துண்டு எழுதி அனுப்பினாள். காகங்கள் போயின. அந்த இடத்தில் மஞ்சள் வெயில் நின்றது. இரண்டாவது திருத்தம் என்று எழுதி, கீழே ஒரு கோடு இழுத்தார்.

பிறகு லினோவைப் பலகையில் ஒட்டி, அச்செழுத்தின் உயரத்துக்குச் சமப்படுத்தி, படத்தை மெல்லிய தாளில் எடுத்துத் மறுபுறமாகத் திருப்பிப் பதித்து, பத்து நாள் வெட்டினார். எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிகிறமாதிரி இடம்வலம் மாற்றி வெட்டவேண்டும். வெட்டி முடித்த அன்று மாலை கார் மூன்றாம் முறையாக வந்தது. இரத்தினசிங்கம் ஒரு கடித உறையில் இருந்து தன்னுடைய புகைப்படத்தின் புளொக்கை எடுத்து மேசையில் வைத்தார். கொழும்பில் செய்வித்தது, புது ஈயம்போல மினுங்கிற்று.

"இதை முன் அட்டையில, வலப்பக்க மூலையில வையுங்கோ. சின்னனாத்தான்."

"ஏலாது, முதலாளி."

"என்ன?"

"திருத்தம் ரெண்டு. முகம் ஒண்டு, காகம் ஒண்டு. முடிஞ்சிது. லினோவும் வெட்டியாச்சி." முத்தலிப் துண்டுத் தாளை எடுத்து நீட்டினார். "ஒங்கட ஒப்பம்."

இரத்தினசிங்கம் தன்னுடைய பெரிய ஒப்பத்தையே சிறிது நேரம் பார்த்தார். "அட்டை கீறுறவன் எனக்குச் சட்டம் படிப்பிக்கிறானோ?" என்று கேட்டுவிட்டு, புளொக்கை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று இரவு றம்லா சீவலைக் கூட்டி அள்ளினாள். "அவரு சும்மா போற ஆளில்ல, பாத்துக்கங்க," என்றாள். முத்தலிபுக்கோ அந்த நேரத்தில் தலைகால் தெரியாத பெருமை. தன்னுடைய துண்டுத் தாள் ஒரு நல்ல புத்தகத்தைக் காப்பாற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகப் படுத்தார்.

புத்தகத்தை அடித்தது உள்துறைமுக வீதியில் இருந்த ஸைனுலாப்தீனின் அச்சகம். காலால் மிதிக்கிற இயந்திரம், ஈய எழுத்து, இரண்டு ஆள். அட்டைகளும் அங்கேதான் அடிபட்டன. முதலில் மஞ்சள், காய்ந்தபின் கறுப்பு. ஐந்நூறு அட்டையும் கொடியில் தொங்குவதைப் பார்த்துவிட்டு வந்த கமலாதேவி, முத்தலிபின் வாசலில் நின்று, "என்ர புத்தகம் எண்டு நம்பேலாமல் கிடக்கு நானா," என்றாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் எடுத்தாயிற்று, அழைப்பிதழும் போயிற்று.

விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஸைனுலாப்தீனிடம் இருந்து ஆள் வந்தது. "அட்டை பொருந்துதில்லையாம், உடனே வரட்டாம்."

முத்தலிபுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. அவருடைய அட்டையாவது, பொருந்தாமலாவது! அடிமட்டத்தோடு ஓடினார். அங்கே கமலாதேவி ஏற்கெனவே நின்றாள், முகம் வெளிறிப்போயிருந்தது. கட்டிய ஒரு மாதிரிப் புத்தகம் மேசையில் கிடந்தது. முதுகில் இருக்கவேண்டிய பெயர் பாதி பின் அட்டைக்கு வழுக்கிப் போயிருந்தது. முன் அட்டைப் பெண்ணின் கை ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. மீனைத் தொடுகிற விரல்களே இல்லை.

முத்தலிப் அடிமட்டத்தை வைத்தார். முதுகு முக்கால் அங்குலத்துக்கு வீங்கியிருப்பதாகத்தான் முதலில் அவருடைய கண்ணுக்குத் தெரிந்தது. அளந்தால் கால் அங்குலத்தோடு இன்னும் அரைக்கால். ஆனாலும் அரைக்கால் அங்குலம் போதும், ஒரு அட்டை செத்துப்போவதற்கு.

"எத்தின பக்கம்?"

ஸைனுலாப்தீன் நிலத்தைப் பார்த்தார். "நூத்தியிருபத்தெட்டு. அதோட... முன்னுக்கு முப்பத்திரெண்டு."

"என்ன முப்பத்திரெண்டு?"

ஸைனுலாப்தீன் ஒரு தாள் கட்டைத் தூக்கி மேசையில் வைத்தார். தடித்த, மினுங்குகிற தாள். அட்டைக்குப் போடுகிற அளவுக்குத் தடிப்பு. நாடு முழுக்கத் தாளுக்கு அலைகிறபோது இது எங்கே இருந்ததோ! முதல் பக்கம் முழுக்க இரத்தினசிங்கத்தின் படம். அடுத்து, அவர் விளையாட்டுப் போட்டியில் கிண்ணம் கொடுப்பது. அடுத்து, கோயிலில் பரிவட்டத்தோடு நிற்பது. பிறகு ஒன்பது பெரியவர்களின் வாழ்த்துரை. முத்தலிப் நின்ற நிலையில் ஒன்பதையும் வாசித்தார். எட்டு வாழ்த்துரையில் நாவலைப் பற்றி ஒரு வரி இல்லை, எல்லாம் வள்ளல் இரத்தினசிங்கம் புராணம். ஒன்பதாவதில் ஒரு வரி இருந்தது: 'இந்த இனிய கவிதை நூலை அனைவரும் பாடி மகிழ வேண்டும்.'

"கவிதை நூலா?" முத்தலிபுடைய குரல் இயந்திரச் சத்தத்தை மீறிக் கேட்டது. "பாடி மகிழுறதா? இந்த ஒம்பது பேருல ஒருத்தன் ஒரு பக்கம் புரட்டினானா? புத்தகத்துட பேருக்கு முன்னால, எழுதின ஆள்ட பேருக்கு முன்னால, இவர்ர மூஞ்சா?"

"தாள் தந்தவர், நானா," என்றாள் கமலாதேவி மெதுவாக. "கொஞ்சம் வாழ்த்துரை சேர்க்கிறம் எண்டு சொன்னவர். நான் ஓமெண்டனான். ரெண்டு பக்கம் எண்டு நினைச்சிட்டன். தானமாய் வந்த மாட்டின்ர பல்லைப் பார்க்கிறதோ?"

"பல்லப் பார்க்க வேணாம் தங்கச்சி. மாடு வந்து வீட்டுக்காரியயே கடிச்சா?"

புத்தகம் அச்சடிக்கிற எவரும் இந்தப் பிழையைச் செய்திருப்பார். அட்டை முடிந்து, கணக்கு முடிந்து, கடைசி நேரத்தில் வாழ்த்துரை வேண்டி ஒவ்வொரு பெரியவரின் வாசலிலும் போய் நிற்பது இந்த ஊர் எழுத்தாளர்களுக்குப் பிறவிப் பழக்கம். ஒருவரிடம் வாங்கினால் மற்றவர் கோபிப்பார், அவரிடமும் வாங்கினால் மூன்றாமவர் கோபிப்பார். ஆனால் கமலாதேவி ஒருவரிடமும் போகவில்லை. அவளுடைய புத்தகத்தை வாசல்படியாக வைத்து இரத்தினசிங்கம் தனக்கு வாழ்த்து வாங்கிக்கொண்டார். முத்தலிப் பென்சிலைத் தேடினார். சட்டைப் பையில் அடிமட்டம் மட்டும்தான் இருந்தது.

"முதலாளி கொழும்புக்குப் போயிட்டாரு, விழாவண்டுதான் வருவாரு," என்றார் ஸைனுலாப்தீன். "போகக்குள்ள இப்பிடிச் சொல்லிட்டுப் போனாரு: அட்டை பொருந்தாட்டி முத்தலிபைப் புதுசா வெட்டச் சொல்லு, அட்டைத் தாளும் நான் தாறன். வெட்டுறதெண்டா என்ட புளொக்குக்கும் மூலையில இடம் விடச் சொல்லு எண்டு." உறையைத் திறந்து அந்த மினுங்குகிற புளொக்கை மேசையில் வைத்தார்.

அப்போதுதான் முத்தலிபுக்கு முழுக்க விளங்கியது. மூன்றாம் திருத்தம் இல்லை என்று அவர் கதவைச் சாத்த, அந்த மனிதர் புத்தகத்தையே வீங்கவைத்துக் கதவை உடைத்திருக்கிறார். இனி வெட்ட மாட்டேன் என்றால் விரல் இல்லாத பெண்ணோடு புத்தகம் வெளிவரும். வெட்டுகிறேன் என்றால் திருத்தக் கணக்கும் போயிற்று, மூலையில் இரத்தினசிங்கம் சிரித்துக்கொண்டிருப்பார். எந்தப் பக்கம் போனாலும் கெட்டுப்போவது இவளுடைய புத்தகம்.

"எனக்காக ஒருமுறை வெட்டுவீங்களோ, நானா?" என்று கேட்டாள் கமலாதேவி. "முதுகை மட்டும்."

"முதுக மட்டும் வெட்ட ஏலாது தங்கச்சி. மூணு பக்கமும் ஒரே படம். நான் ஒங்களுக்கு வெட்டினா அவருக்கும் வெட்டவேணும், அதுக்குத்தானே இந்தக் கூத்து! அஞ்சி நாள்ல வெட்டவும் ஏலாது." அவர் அடிமட்டத்தை மேசையில் வைத்தார். "என்ட அளவு பிழையில்ல. இஞ்ச பாருங்க."

தைத்த புத்தகத்தை ஒதுக்கிவிட்டு, தைக்காத கட்டுகளை எடுத்தார். மடித்த தாள் எட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே அந்த மினுங்கல் கட்டை வைத்து, அட்டையைச் சுற்றினார். வழுக்கியது. மினுங்கல் கட்டை எடுத்து அப்பால் போட்டுவிட்டு, அட்டையைத் திரும்பவும் சுற்றி, பலகையால் நெருக்கினார்.

பெயர் முதுகின் நடுவில் வந்து நின்றது. மீன் வரிசை ஒரு துள்ளல் இல்லாமல் பின்னாலிருந்து முன்னால் ஓடியது. அந்தப் பெண்ணின் ஐந்து விரலும் கடைசி மீனில் இருந்தன.

இயந்திரம் மிதித்தவர் காலை எடுத்துவிட்டார். கமலாதேவி அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்து, முதுகில் விரலை ஓட்டினாள். பிறகு அப்பால் கிடந்த மினுங்கல் கட்டைப் பார்த்தாள்.

"இதில என்ர கதையின்ர பக்கம் ஏதும் இருக்கோ?" என்று ஸைனுலாப்தீனைக் கேட்டாள்.

"இல்ல மகள். தனியத்தான் அடிச்சது. ஒங்கட முதல் பக்கம் அடுத்த கட்டுல இரிக்கி."

"அப்ப இது இல்லாமல் தையுங்கோ."

ஸைனுலாப்தீனுக்கு வேர்த்துவிட்டது. "என்ன கதை கதைக்கிறீங்க? அவர்ர பில் புத்தகமெல்லாம் இஞ்சதான் அடிக்கிறன். என்ட சோத்துல மண் விழும்."

"ஒரு துண்டு தாங்கோ." அவள் தபால் கந்தோரில் மற்றவர்களுக்குக் கடிதம் எழுதுகிற அதே தெளிவான எழுத்தில் எழுதினாள்: 'ஆசிரியராகிய என்னுடைய கட்டளைப்படி இந்நூல் நூற்றிருபத்தெட்டுப் பக்கத்துடன் கட்டப்படுகிறது. அச்சகத்தார் பொறுப்பல்லர்.' ஒப்பம் வைத்தாள். இந்த முறை பெரிதாகத்தான் வைத்தாள். "தாள் தந்ததுக்கு நன்றி சொல்லவேணும், அதை மறக்கமாட்டன். அட்டை: முத்தலிப் எண்டு ஒரு வரி இருக்கெல்லோ, அதுக்குக் கீழ, தாள் உதவி: இரத்தினசிங்கம் எண்டு அதே எழுத்தில போடுங்கோ. அந்தப் பக்கம் இன்னும் அடிபடேல்லைத்தானே?"

"அடிபட்டிட்டு," என்றார் ஸைனுலாப்தீன். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு, "அந்த வரிக்குக் கீழ இடமிரிக்கி. அந்தப் பக்கத்தைத் திரும்ப ஓட்டி ஒரு வரி ஏத்தலாம்," என்றார். அவருக்கும் உள்ளுக்குள் ஏதோ எரிந்துகொண்டுதான் இருந்திருக்கவேண்டும்.

முத்தலிப் அவளைத் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு நாளும் குடைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்தானா இது?

"மண்டபம் அவர் எடுத்துத் தந்தது, தங்கச்சி. விழா குழம்பினா?" என்று கேட்டார்.

"குழம்பினால் சல்லியில கரையில வைச்சு விப்பன். அவர் தாள் தந்தவர், நானா. அந்தத் தாளில இருக்கிறது கனகம்மாக்காவின்ர கதை. அவவின்ர விரலை வெட்டிப்போட்டு நான் ஆருக்கு வாழ்த்து வாங்கிறது?"

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் கந்தோர்க்காரர்கள், வாழ்த்துரை தந்த ஒன்பது பேர். பின்னால், பஸ் பிடித்து வந்த சல்லிப் பெண்கள் ஆறு பேர் கதிரையில் இருக்கக் கூச்சப்பட்டுச் சுவரோரமாக நின்றார்கள். முத்தலிப் அவர்களோடு நின்றார். பிரதம விருந்தினர் வெள்ளித் தட்டில் இருந்த நாடாக் கட்டிய பொதியை எடுத்து, முதற்பிரதி என்று அறிவித்து இரத்தினசிங்கத்திடம் கொடுத்தார். கைதட்டல். இரத்தினசிங்கம் நாடாவை இழுத்தார்.

முன் அட்டையின் மூலையைத்தான் முதலில் பார்த்தார். மஞ்சள் வெயில் மட்டும்தான் அங்கே இருந்தது. புத்தகத்தைத் திறந்தார். 'வெயில் கூலி — கமலாதேவி'. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். பின்பக்கத்தில் இருந்து புரட்டிப் பார்த்தார். முழு மண்டபமும் பார்த்துக்கொண்டிருக்க, மேடையில் நின்று ஒரு மனிதர் தன்னுடைய முகத்தைத் தேடினார். அந்தத் தேடலை முத்தலிப் சாகும்வரைக்கும் மறக்கப்போவதில்லை. முன் வரிசையிலும் பிரதிகள் போயிருந்தன, அங்கே ஒன்பது பேரும் அதே வேகத்தில் தங்கள் தங்கள் வாழ்த்துரையைத் தேடிப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். கதையை ஒருவரும் பார்க்கவில்லை.

இரத்தினசிங்கம் மேடையை விட்டு இறங்கி நேரே சுவரோரம் வந்தார்.

"எங்க என்ர பக்கம்?"

முத்தலிப் சட்டைப் பையில் இருந்து துண்டுத் தாளை எடுத்தார். மடிப்பை நீவி விரித்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். "பக்கம் நூத்தியிருபத்தெட்டு. முதுகு கால் அங்குலம். திருத்தம் ரெண்டு. ஒங்கட ஒப்பம்தான் முதலாளி, வாசிங்க. அண்டைக்கு நீங்க வாசிக்கல்ல. இந்தப் புத்தகத்தயும் நீங்க வாசிக்கல்ல. ஒங்கட ஒம்பது பேரும் வாசிக்கல்ல. ஒரு பொம்புளை மூணு வருசம் இருந்து எழுதினத, பாடி மகிழட்டாம்! வெக்கமில்லையா?"

சத்தம் கூடிவிட்டது. மண்டபம் திரும்பிப் பார்த்தது. இரத்தினசிங்கம் துண்டுத் தாளைப் பறித்தார். கிழிக்கப் போனவருடைய கை, தன்னுடைய பெயரைக் கண்டதும் நின்றது. தாளை முத்தலிபின் காலடியில் போட்டுவிட்டு வெளியே போனார். ஒன்பது பேரில் ஆறு பேர் பின்னாலே எழும்பிப் போனார்கள். கார்க் கதவுகள் அடிபடுகிற சத்தம் கேட்டது.

மேடையில் கமலாதேவி ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "முன்னுக்குக் கதிரை வெறுமையாய் இருக்கு. நிக்கிறாக்கள் வந்து இருங்கோ," என்றாள்.

சல்லிப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கனகம்மா முதலில் நடந்தாள், மற்றவர்கள் பின்னால். பிரதம விருந்தினருக்கு நேர் முன்னால், வள்ளலின் நண்பர்கள் எழும்பிய கதிரைகளில் அவர்கள் வரிசையாக இருந்தார்கள். கமலாதேவி இறங்கிவந்து கனகம்மாவின் கையில் ஒரு பிரதியைக் கொடுத்தாள்.

கனகம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அவள் அட்டையை விரித்தாள். முன்னும் பின்னும் ஒரே படமாக மடியில் விரித்து வைத்துக்கொண்டு, பின் ஓரத்தில் இருந்து ஒவ்வொரு மீனாக விரலால் தொட்டுத் தொட்டு வந்தாள். முதுகைத் தாண்டி, முன்னுக்கு வந்து, கடைசி மீனில் அந்தப் பெண்ணின் விரல்களுக்கு மேலே தன்னுடைய விரல்களை வைத்துப் பார்த்தாள்.

"காகத்தைக் காணேல்லையே," என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். "காகமில்லாமல் என்ன கருவாடு?"

முத்தலிப் கீழே கிடந்த துண்டுத் தாளைக் குனிந்து எடுத்தார். சட்டைப் பையில் இருந்து பென்சிலை எடுத்து, காகங்களை எடுத்த 'இரண்டாவது திருத்தம்' என்ற வரியைக் கறுக்கக் கறுக்கக் கோடிழுத்து வெட்டினார்.